விழ மறுக்கும் பொருளின் வெளிச்சம்

(ஜுருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கருந்துளை ஒளியையும் விழுங்கிவிடும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அப்படியிருக்க, வானத்தில் நீண்ட காலம் நின்று எரியும் பொருள்களிலேயே மிகப் பிரகாசமானவை எவை என்று கேட்டால், நடுவில் கருந்துளையை வைத்திருக்கும் குவேசார்கள் என்கிறார்கள் வானியலாளர்கள். இந்த முரணை அவிழ்க்க எல்லாக் குவேசார்களையும் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று போதும். அதன் பட்டியல் பெயர் 3சி 273. கேம்பிரிட்ஜ் வானொலி வானியலாளர்கள் தொகுத்த மூன்றாவது பட்டியலில் 273ஆவது பொருள் அது. அதைப் பற்றி நான் கேட்கப்போகும் கேள்வியும் ஒன்றுதான்: அதற்குள் விழும் பொருள் எப்படி விழுகிறது? இதற்கான விடையின் முக்கியமான பகுதியை, கேள்வி பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்தவர்களில் ஒருவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பொருள் கிடைத்த கதை. 1960-களின் தொடக்கத்தில் வானொலித் தொலைநோக்கிகளுக்குக் கூர்மை போதாது. ஒரு திசையிலிருந்து வலுவான வானொலி அலை வருகிறது என்று சொல்ல முடியும். அங்கே தெரியும் பல நட்சத்திரங்களில் எதிலிருந்து என்று சொல்ல முடியாது. சிரில் ஹசார்ட் என்பவர் இதற்கு நிலவைத் துணைக்கு அழைத்தார். நிலவின் விளிம்பு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது மிகத் துல்லியமாகத் தெரியும். நிலவு குறுக்கே வரும்போது வானொலி அலை எந்தக் கணத்தில் மறைகிறது, எந்தக் கணத்தில் மீள்கிறது என்று குறித்துவிட்டால் மூலத்தின் இடம் கிடைத்துவிடும். 3சி 273 நிலவு போகும் பாதைக்கு அருகில் இருந்தது நல்வாய்ப்பு. 1962 ஆகஸ்ட் 5 அன்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி அந்த மறைப்பைப் பதிவு செய்தது. அலை இரண்டு புள்ளிகளிலிருந்து வருவது தெரிந்தது. ஒரு புள்ளி 13ஆம் ஒளித்தர நட்சத்திரம் ஒன்றின் மேலேயே விழுந்தது. மற்றது அந்த நட்சத்திரத்திலிருந்து நீளும் மெல்லிய ஒளிக்கீற்றின் முனையில் இருந்தது.

இதே நிலவு மறைப்பு முறையை நம்பித் தமிழ்நாட்டில் ஒரு தொலைநோக்கியே கட்டினார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் அமைத்த வானொலித் தொலைநோக்கி அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. அதே 11 பாகை சாய்ந்த மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மீது வடக்குத் தெற்காகக் கிடத்திவிட்டார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே நிலவை மணிக்கணக்கில் தொடரலாம். 1970-இல் அது இயங்கத் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி மூலங்களை நிலவு மறைக்கும் வேளைகளில் அது அளந்திருக்கிறது.

பார்க்ஸில் கிடைத்த இடக்குறிப்பு அமெரிக்காவுக்குப் போனது. கலிபோர்னியாவின் பாலமர் மலையில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கியால் மார்ட்டன் ஷ்மிட் அந்த ‘நட்சத்திரத்தின்’ நிறமாலையை எடுத்தார். அதில் இருந்த பிரகாசமான கோடுகள் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. 1963 பிப்ரவரியில் ஒரு நாள் அவற்றின் இடைவெளிகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது விஷயம் பிடிபட்டது. அவை பழைய, எளிய ஹைட்ரஜன் கோடுகள்தாம். எல்லாமே ஒரே விகிதத்தில் சிவப்புப் பக்கம் தள்ளிப்போயிருந்தன. ஆய்வுக்கூடத்தில் 486 நானோமீட்டரில் இருக்க வேண்டிய கோடு 563-இல் இருந்தது. 434-இல் இருக்க வேண்டியது 503-இல் இருந்தது. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் 1.16 வரும். பிரபஞ்சம் விரிவதால் ஒளி அலையும் நீள்கிறது. இவ்வளவு நீண்டிருக்க வேண்டுமானால், அந்த ஒளி நம்மை நோக்கிப் புறப்பட்டு ஏறத்தாழ 2 பில்லியன் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவ்வளவு தொலைவிலிருந்து 13ஆம் ஒளித்தரத்தில் தெரிய வேண்டுமானால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டுமே அது 4 டிரில்லியன் சூரியன்களுக்குச் சமமாக எரிய வேண்டும். நம் பால்வீதியில் உள்ள எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்தாலும் அதில் நூறில் ஒரு பங்குதான் தேறும். சரி, அது மிகப் பெரிய நட்சத்திரக் கூட்டமாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்க முடியாது. ஹார்வர்டில் 1880-களிலிருந்து சேர்ந்திருந்த பழைய வானப் புகைப்படத் தட்டுகளைப் புரட்டினார்கள். அதே பொருள் அவற்றிலும் பதிவாகியிருந்தது, ஆனால் ஒரே ஒளியில் அல்ல. சில மாதங்களிலேயே ஏறி இறங்கியிருந்தது. ஒரு பொருள் சில மாதங்களில் ஒளி மாற வேண்டுமானால், அதன் ஒரு கோடியில் நடப்பது மறு கோடிக்கு அதற்குள் எட்டியாக வேண்டும். ஒளியைவிட விரைவாக எதுவும் எட்டாது. ஆகவே அதன் அகலம் சில ஒளி மாதங்களுக்கு மேல் இருக்க வழியில்லை. பால்வீதியின் குறுக்களவோ ஒரு லட்சம் ஒளியாண்டு. நூறு பால்வீதிகளின் வெளிச்சம், ஓர் ஒளியாண்டைக்கூட எட்டாத இடத்திலிருந்து!

என்ன எரிபொருள்? சூரியனில் நடப்பது அணுக்கருப் பிணைவு. ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது அதன் நிறையில் 0.7 விழுக்காடு ஆற்றலாக மாறுகிறது. 3சி 273-இன் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மட்டும் இந்த வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 சூரியன்களை முழுக்க முழுக்கப் பிணைத்துத் தீர்க்க வேண்டும். டொனால்ட் லிண்டன்-பெல் 1969-இல் வைத்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. அவ்வளவு எரிபொருளையும் அவ்வளவு சிறிய இடத்தில் அடைத்தால், அது அடைபடும்போதே ஈர்ப்பினால் வெளிப்படும் ஆற்றல், பிணைவு தரும் ஆற்றலை மிஞ்சிவிடும். அப்படியானால் பிணைவை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஈர்ப்பே அடுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். எட்வின் சால்பீட்டரும் யாக்கோவ் செல்டோவிச்சும் 1964-லேயே தனித்தனியாக இதே திசையில் கைகாட்டியிருந்தார்கள்.

கணக்கைப் பார்ப்போம். சுழலாத கருந்துளை ஒன்றைச் சுற்றிப் பொருள் நிலையாக ஓடக்கூடிய கடைசி வட்டப்பாதைக்கு ஓர் இடம் உண்டு. கருந்துளையின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு தொலைவு. அதற்கும் உள்ளே போனால் நேரே விழ வேண்டியதுதான். தொலைவிலிருந்து அந்த இடம்வரை படிப்படியாக இறங்கும் பொருள், தன் நிறையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை ஆற்றலாக இழக்கிறது. கருந்துளை வேகமாகச் சுழன்றால் கடைசிப் பாதை இன்னும் உள்ளே நகரும். இழப்பு கொள்கையளவில் 42 விழுக்காடுவரை போகலாம். வெறும் 6 விழுக்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பொருள் இறங்கினால் 1.5 பில்லியன் கிலோவாட் மணி மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வெளிவரும். நம் வீட்டு மின் கட்டண ரசீதில் இருக்கும் அதே கிலோவாட் மணிதான். பொதுவாகக் கணக்கிடுவோர் நடுத்தரமாக 10 விழுக்காடு என்று வைப்பார்கள். அப்படி வைத்தால், 3சி 273-இன் தெரியும் ஒளிக்கு ஆண்டுக்கு மூன்று சூரியன் அளவுப் பொருள்கூட வேண்டாம். புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் சேர்த்தால் இன்னும் சில மடங்கு. ஒரு பெரிய விண்மீன் மண்டலத்தின் நடுவில் அவ்வளவு வாயு கிடைப்பது அரிதில்லை.

இவ்வளவோடு பல நூல்கள் நிறுத்திக்கொள்கின்றன: கருந்துளை இழுக்கிறது, பொருள் விழுகிறது, சூடாகி ஒளிர்கிறது. இதில் நடுவில் உள்ள சொல்தான் இடறுகிறது. பொருள் அப்படி விழாது!

பூமி ஏன் சூரியனுக்குள் விழவில்லை? அது பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருப்பதால். விண்வெளியில் மிதக்கும் எந்த வாயு மேகத்துக்கும் கொஞ்சமாவது பக்கவாட்டு ஓட்டம் இருக்கும். நெருங்க நெருங்க அந்த ஓட்டம் வேகம் பிடிக்கும். இதைத்தான் கோண உந்தம் மாறாமை என்கிறோம். கடைசியில் மேகம் கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டையான வட்டாகப் பரவி, கோள்களைப் போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்பது திரைப்படக்காரர்கள் கட்டிவிட்ட கதை. வட்டிலிருக்கும் பொருள் உள்ளே போக வேண்டுமானால், தன் கோண உந்தத்தை வேறு யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். யாரிடம்? தனக்கு வெளியே ஓடும் அடுக்கிடம்தான். எப்படி? உராய்வால் என்று சொல்லத் தோன்றும். உள் அடுக்கு வேகமாக ஓடுகிறது, வெளி அடுக்கு மெதுவாக ஓடுகிறது; இரண்டும் உரசினால் உள் அடுக்கு வேகமிழந்து இறங்கும். ஆனால் வாயு மூலக்கூறுகளின் இயல்பான உராய்வை எடுத்துக் கணக்கிட்டால், அது கொஞ்சமும் போதவில்லை. அதை நம்பி வட்டு வடிய வேண்டுமானால் பிரபஞ்சத்தின் வயது போதாது.

நீரோட்டம் கொந்தளித்தால் கலப்பு பெருகுமே, வட்டும் கொந்தளிக்கலாமே என்றால், அங்கேயும் ஒரு பழைய விதி குறுக்கே நிற்கிறது. வெளியே போகப் போகக் கோண உந்தம் கூடும் சுழல் ஓட்டம் கலையாது என்று ராலே பிரபு எப்போதோ காட்டியிருந்தார். கருந்துளை வட்டு அத்தகையது. 1973-இல் ஷகுரா, சுனியாயெவ் என்ற இரு சோவியத் வானியலாளர்கள் வட்டுக் கொள்கையை முழுமையாக எழுதியபோது, உராய்வு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஆல்ஃபா என்ற ஒரே எழுத்துக்குள் அடைத்துவிட்டு மேலே போனார்கள். அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு வட்டின் வெப்பநிலை, நிறம், தடிமன் எல்லாவற்றையும் கணக்கிட முடிந்தது. ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது என்ன என்று பதினெட்டு ஆண்டுகள் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

இப்போது சந்திரசேகரிடம் வருவோம். லாகூரில் 1910-இல் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். நட்சத்திர நிறையின் எல்லைக்காகவே பலருக்கும் தெரிந்தவர். சிகாகோவில் அவர் ஒவ்வொரு துறையையும் சில ஆண்டுகள் உழுது, ஒரு தடித்த நூல் எழுதி, அடுத்த துறைக்குப் போய்விடுவார். 1950-களின் பிற்பகுதியில் அவர் உழுதுகொண்டிருந்தது பாய்மங்களின் நிலைத்தன்மை. 1960-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையின் கேள்வி மிக வறண்டது: சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே மின்கடத்தும் திரவம் இருக்கிறது, அச்சின் வழியே ஒரு காந்தப்புலமும் இருக்கிறது, ஓட்டம் எப்போது கலையும்? முந்தைய ஆண்டு ரஷ்யாவில் எவ்கேனி வெலிகோவும் இதையே ஆராய்ந்து இதே விடைக்கு வந்திருந்தார். விடை விசித்திரமானது. காந்தப்புலம் இருந்துவிட்டால் ராலேயின் விதி செல்லாது. கோண உந்தம் எப்படிப் போனாலும் சரி, வெளியே போகப் போகச் சுற்றும் வேகம் குறைந்தால் ஓட்டம் கலையும். காந்தப்புலத்தை எவ்வளவு மெலிதாக்கினாலும் இந்த முடிவு மாறாது. 1961-இல் வெளிவந்த சந்திரசேகரின் நூலிலும் இது இருக்கிறது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ஷ்மிட் அந்தக் கோடுகளை அடையாளம் கண்டது 1963-இல். கருந்துளையைச் சுற்றிய வட்டு என்ற பேச்சு அப்போது எங்கும் இல்லை. ஆகவே சந்திரசேகரின் முடிவு பாய்மவியல்காரர்களின் அலமாரியில் கிடந்தது. வட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 1991-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் இதே நிலையின்மையைக் கருந்துளை வட்டுகளில் கண்டு, ஆல்ஃபாவுக்குப் பின்னால் இருப்பது இதுதான் என்றார்கள். 2013-இல் அவர்களுக்கு ஷா பரிசு கிடைத்தது. துறைகளுக்கிடையே சுவர் எழுப்பினால் முப்பது ஆண்டு வீணாகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்பது என் எண்ணம்.

அது எப்படி வேலை செய்கிறது? வட்டில் பக்கத்துப் பக்கத்துப் பாதைகளில் ஓடும் இரண்டு வாயுத் துணுக்குகளை எடுத்துக்கொள்வோம். மெல்லிய காந்தக் கோடு ஒன்று இரண்டையும் ரப்பர் வாரைப் போலக் கட்டியிருக்கிறது. நம் தாத்தா பாட்டிமார் பால்மரம் வெட்டிய ஊர்களில் ரப்பரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இழுத்தால் அது திருப்பி இழுக்கும். உள்ளே இருக்கும் துணுக்கு வேகமாகச் சுற்றுவதால் முன்னே போகிறது. வார் இழுபடுகிறது, முன்னே போனதைப் பின்னுக்கு இழுக்கிறது, பின்தங்கியதை முன்னுக்கு இழுக்கிறது. உள்துணுக்கு கோண உந்தத்தை இழக்கிறது. இழந்ததும் இன்னும் உள்ளே இறங்குகிறது. இறங்கினால் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்! வெளித்துணுக்கு உந்தத்தைப் பெற்று இன்னும் வெளியே போய் இன்னும் மெதுவாகிறது. இடைவெளி கூடக் கூட வார் இன்னும் இறுகுகிறது. சமாதானம் செய்ய வந்த கட்டு பிரிவினையை வளர்த்துவிடுகிறது. கணக்குப்படி, சாதகமான சூழலில் ஒரே ஒரு சுற்றுக்குள் இந்தக் கலைவு சுமார் நூறு மடங்கு பெருகும். வட்டு முழுவதும் கொந்தளிக்கிறது. காந்தக் கோடுகள் முறுக்கி, அறுந்து, மறுபடி ஒட்டி, ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்குகின்றன. அந்த வெப்பம்தான் நாம் காணும் ஒளி. குவேசாரின் வெளிச்சம் முழுவதும் வட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் வருவது. கருந்துளையின் எல்லைக்கு உள்ளே போன எதுவும் அதில் சேராது.

3சி 273-க்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2018-இல் சிலியின் பரனால் மலையில் இருக்கும் நான்கு 8 மீட்டர்த் தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து, ‘கிராவிட்டி’ என்ற கருவியால் அதைப் பார்த்தார்கள். கருந்துளையைச் சுற்றும் வாயு மேகங்களில் நம்மை நோக்கி வரும் பக்கமும், விலகிப் போகும் பக்கமும் மிக மிகச் சிறிய அளவில் பிரிந்து தெரிந்தன. அதாவது அந்தச் சுழற்சியை முதல் தடவையாக இடம் பிரித்துக் காண முடிந்தது. அந்த மேகங்கள் நடுவிலிருந்து ஏறத்தாழ 150 ஒளிநாள் தொலைவில் இருக்கின்றன. அவற்றின் வேகத்தையும் தொலைவையும் வைத்து நடுவில் உள்ள நிறையைக் கணித்தார்கள்: சுமார் 260 மில்லியன் சூரியன்கள். வேறு முறைகள் இதைவிட அதிகமான நிறையையும் தந்திருக்கின்றன. இவ்வகை அளவீடுகளில் இரண்டு மூன்று மடங்கு வேறுபாடு வருவது வழக்கம். 260 மில்லியன் என்றே வைத்தால், கருந்துளையின் ஆரம் சூரியனிலிருந்து வியாழன்வரையிலான தொலைவு. அது சுழலாதது என்று கொண்டால், கடைசிப் பாதையில் ஒளியின் வேகத்தில் பாதியில் பொருள் ஓடும். அந்தப் பெரிய வட்டத்தை ஒன்றரை நாளுக்குள் ஒருமுறை சுற்றிவிடும்.

இன்னொரு எல்லையும் உண்டு. அதிகமாகத் தீனி போட்டால் வெளிவரும் ஒளியே வரும் தீனியை வெளியே தள்ளிவிடும். இந்த நிறைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 8 டிரில்லியன் சூரியன்களின் ஒளி. தெரியும் ஒளியே 4 டிரில்லியன். புற ஊதாவைச் சேர்த்தால் 3சி 273 எல்லையைத் தொட்டுவிடுகிறது, கணக்கிடும் முறையைப் பொறுத்துத் தாண்டவும் செய்யும். இந்த எல்லைக்கு ஆர்தர் எடிங்டனின் பெயரை வைத்திருக்கிறார்கள். நட்சத்திரம் ஒன்று தன்னுள்ளேயே நொறுங்கிப் போகலாம் என்று காட்டிய இளைஞர் சந்திரசேகரை, 1935 ஜனவரியில் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் எள்ளி நகையாடியவர் அதே எடிங்டன். இன்று குவேசாரைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிறை மட்டும் குவேசாரை உண்டாக்காது என்பதற்கும் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2019-இல் வெளியான முதல் கருந்துளைப் படத்தை நீங்கள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அது எம்87 மண்டலத்தின் கருந்துளை. வானில் அதுவும் 3சி 273-ஐப் போலவே கன்னி ராசித் திசையில்தான் இருக்கிறது. அதன் நிறை 6.5 பில்லியன் சூரியன்கள், 3சி 273-இன் கருந்துளையைப் போல 25 மடங்கு. ஆனால் அது குவேசார் இல்லை. அதற்குக் கிடைக்கும் வாயு மிகக் குறைவு. குறைவாக வரும் வாயு மெலிந்து போய், தன் வெப்பத்தை ஒளியாக விடுவதற்கு முன்பே அதையும் சுமந்துகொண்டு உள்ளே போய்விடுகிறது. நம் பால்வீதியின் நடுவில் இருக்கும் 4 மில்லியன் சூரிய நிறைக் கருந்துளை இன்னும் பட்டினி. வாயு நிறைந்திருந்த காலத்தில், ஏறத்தாழ பத்து பில்லியன் ஆண்டுகளுக்கு முன், குவேசார்கள் மிகுந்திருந்தன. இப்போது அவை அருகிவிட்டன.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. வட்டுக் கொள்கையின்படி ஒரு குவேசார் அடங்கிப் போகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆக வேண்டும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், சில ஆண்டுகளுக்குள்ளேயே மங்கிவிட்ட குவேசார்களையும், மங்கிப் பிறகு எழுந்தவற்றையும் கண்டிருக்கிறார்கள். கொள்கை சொல்லும் காலத்துக்கும் கண்ணால் கண்ட காலத்துக்கும் நடுவில் இவ்வளவு பள்ளம் இருந்தால், வட்டில் நமக்குப் புரியாத ஏதோ ஒன்று நடக்கிறது என்றுதான் பொருள். சந்திரசேகரின் நிலையின்மை பொருளை உள்ளே இறக்கும் வழியைக் காட்டிவிட்டது. அது எவ்வளவு விரைவாக இறக்கும் என்பதைக் கணினிகள் இன்னும் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 3சி 273 வான நடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகையில் இருக்கிறது; நம் ஜுரு 5 பாகை சொச்சத்தில். மே மாத நடுவில் இரவு பத்து மணி வாக்கில் அது கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. சித்திரை நட்சத்திரத்துக்கு வடமேற்கே, கன்னி ராசிக்குள் தேட வேண்டும். எட்டு அங்குலத் தொலைநோக்கியும், பிறை தொழிற்பேட்டையின் விளக்கொளி எட்டாத ஓர் இடமும், நிலவில்லாத இரவும் போதும். வான வரைபடச் செயலியில் `3C 273` என்று தட்டினால் இடத்தைக் காட்டிவிடும். தெரியப் போவது மங்கலான ஒரு புள்ளிதான். பக்கத்து நட்சத்திரத்திலிருந்து அதைப் பிரித்தறியவே முடியாது. அதனால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரிபாருங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் யாராவது வரும் மே மாதத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு இதைச் செய்ய முன்வந்தால், உடன் வர நான் தயார்.